12 அடி ஹாலில் 100 இன்ச் திரை: எங்கே அளப்பது, எவ்வளவு கழிப்பது?

கேள்வி: "எங்கள் ஹால் 10 அடி அகலம், 12 அடி நீளம். 10 அடிச் சுவரில் 100 இன்ச் திரை மாட்ட ஆசை. எதிர்ச்சுவரை ஒட்டி சோபா, அதற்கு மேலே ப்ரொஜெக்டர். பார்த்து வைத்திருக்கும் ப்ரொஜெக்டரில் த்ரோ ரேஷியோ 1.5 முதல் 1.65 வரை என்று போட்டிருக்கிறது. 12 அடி போதுமா? திரையை முதலில் வாங்கிவிடலாமா?"

திரையை வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஹாலில் அந்த ப்ரொஜெக்டரால் 100 இன்ச் வராது. கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் இடம் போதாமல் போகும். 92 இன்ச் நன்றாக வரும். உட்கார்ந்து பார்க்கவும் அந்த அளவுதான் வசதி என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

த்ரோ ரேஷியோ என்பது லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண். 1.5 என்றால், ஒரு மீட்டர் அகலப் படத்துக்கு ஒன்றரை மீட்டர் தூரம் வேண்டும். இரண்டு எண் கொடுத்திருந்தால் அந்த லென்ஸில் ஜூம் இருக்கிறது என்று பொருள். சின்ன எண்ணில் வைத்தால் அதே இடத்திலிருந்து படம் பெரிதாக விழும், பெரிய எண்ணில் சிறிதாகும். கடைசிவரை நினைவில் நிற்க வேண்டிய சொல் 'அகலம்'. திரையை விற்பது மூலைக்கு மூலை அளந்த இன்ச்சில், ப்ரொஜெக்டர் கேட்பதோ அகலத்தை. 16:9 திரையில் மூலைவிட்ட அளவை 0.87ஆல் பெருக்கினால் அகலம் வரும். 100 இன்ச் திரையின் அகலம் 87 இன்ச், அதாவது 221 சென்டிமீட்டர்.

இப்போது உங்கள் 12 அடி. சென்டிமீட்டரில் 366. அதை 1.5ஆல் வகுத்தால் 244 வருகிறது. 100 இன்ச் திரைக்கு 221 போதுமே, தாராளமாக இடம் இருக்கிறதே என்றுதான் தோன்றும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் ஒரு முறை தவறியிருக்கிறேன். நண்பர் ஒருவரின் வீட்டில் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து, அந்தத் தூரத்தை வைத்துத் திரையும் வாங்கி, சுவரில் துளையும் போட்ட பிறகுதான் படத்தை ஓடவிட்டோம். திரையின் இரண்டு ஓரத்திலும் கையகலத்துக்கு வெள்ளைத் துணி காலியாகக் கிடந்தது. ஜூமை எவ்வளவு திருப்பியும் படம் அதற்கு மேல் விரியவில்லை.

தூரத்தை லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியிலிருந்து திரைத் துணி வரை அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளந்தால் அதில் நிறையக் கழிக்க வேண்டியிருக்கும். திரை சுவரிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். சுருட்டுத் திரையின் பெட்டி பெரிதாக இருந்தால் இன்னும் முன்னால் வரும். ப்ரொஜெக்டரின் உடல் 30 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முதுகில் மின்கம்பியும் எச்டிஎம்ஐ கேபிளும் செருகி, கேபிள் மடங்காமல் திரும்பவும் சூடு வெளியேறவும் 15 சென்டிமீட்டர் விட வேண்டும். மொத்தம் 50 சென்டிமீட்டர் கழிந்துவிட்டது. மீதி 316.

316ஐ 1.5ஆல் வகுத்தால் 210 சென்டிமீட்டர் அகலம், 95 இன்ச் படம். உங்கள் ஹாலில் இதுதான் உச்சம். 100 இன்ச் வேண்டுமென்றால் 221ஐ 1.5ஆல் பெருக்க வேண்டும். 332 சென்டிமீட்டர் தேவை, இருப்பது 316. முதலில் சொன்ன 16 சென்டிமீட்டர் இதுதான்.

95 இன்ச் வரை வருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஜூமின் கடைசி முனையை நம்பித் திரை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அச்சிட்ட த்ரோ ரேஷியோவுக்கும் கையில் வரும் லென்ஸுக்கும் சில சதவீதம் வேறுபாடு இருக்கலாம். கையேடுகளிலேயே சிறிய எழுத்தில் அப்படிப் போட்டிருப்பார்கள். முனையில் நிற்கும்போது அந்தச் சில சதவீதம் பாதகமாகப் போனால் திருத்த வழியே இல்லை. 92 இன்ச் திரையின் அகலம் 204 சென்டிமீட்டர். உங்கள் லென்ஸ் அதை 306 முதல் 337 வரை உள்ள தூரத்தில் எங்கிருந்தும் நிரப்பும். 316இல் வைத்தால் ஜூமின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பீர்கள். படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இடம் இருக்கும்.

கண்ணின் கணக்கும் இதற்கே சாதகமாக இருக்கிறது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் பின்சுவரிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். அங்கிருந்து திரைக்கு 3 மீட்டர். படம் நம் பார்வையில் 30 முதல் 40 டிகிரி வரை விரிந்தால் நல்லது என்பது வீட்டுத் திரையரங்கு அமைப்பவர்கள் வைத்திருக்கும் அளவு. 3 மீட்டரில் 30 டிகிரிக்கு 160 சென்டிமீட்டர் அகலம் போதும், 40 டிகிரிக்கு ஏறக்குறைய 218 வேண்டும். 92 இன்ச் திரை 37 டிகிரியைக் கொஞ்சம் தாண்டுகிறது. 100 இன்ச் அந்த மேல் எல்லையையே தொட்டுவிடும். சிலருக்கு அது பிடிக்கும், ஆனால் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே படத்தையும் பார்ப்பவர்களுக்குக் கண் அலைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, அதே வெளிச்சம் சிறிய பரப்பில் விழுவதால் 92 இன்ச் படம் 100 இன்ச் படத்தைவிட 18 சதவீதம் பிரகாசமாகத் தெரியும். ஜன்னல் உள்ள ஹாலில் இது சின்ன விஷயமல்ல.

அகலம் முடிந்தது. அப்புறம் உயரம். இதை விட்டால் அகலமும் கெட்டுப்போகும், அதனால்தான் சொல்கிறேன். பெரும்பாலான ப்ரொஜெக்டர்களில் படம் லென்ஸின் நேர் எதிரே விழாது. மேசையில் வைத்தால் லென்ஸுக்கு மேலேயும், தலைகீழாகத் தொங்கவிட்டால் லென்ஸுக்குக் கீழேயும் விழும். எவ்வளவு தள்ளி விழும் என்பதைக் கையேட்டில் ஆஃப்செட் என்று போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு அது படத்தின் உயரத்தில் 16 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 92 இன்ச் படத்தின் உயரம் 115 சென்டிமீட்டர், அதில் 16 சதவீதம் 18. தலைகீழாகத் தொங்கும் லென்ஸ் தரையிலிருந்து 220 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் படத்தின் மேல் விளிம்பு 202இல், கீழ் விளிம்பு 87இல் வரும். உட்கார்ந்தவரின் கண் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆகவே பார்வை படத்தின் கீழ்ப்பகுதியில் இயல்பாக விழும். இதையே கூரையை ஒட்டி 260இல் மாட்டினால் படத்தின் அடிப்பகுதியே 127இல்தான் தொடங்கும். இரண்டு மணி நேரப் படம் முடிவதற்குள் கழுத்து வலிக்கும்.

அப்போது பலரும் செய்வது, ப்ரொஜெக்டரைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு, கோணலாகும் படத்தைக் கீஸ்டோன் வசதியால் நேராக்குவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கீஸ்டோன் லென்ஸை எதுவும் செய்வதில்லை. முழுப் படத்தையும் சுருக்கி, உள்ளே ஒரு சிறிய சட்டத்துக்குள் வரைகிறது. கணக்குப் போட்டு வைத்த 204 சென்டிமீட்டர் அகலம் அந்த நேரமே குறைந்துவிடும், நுணுக்கமும் போகும். இருட்டில் உற்றுப் பார்த்தால் படத்தைச் சுற்றி மங்கலான சாம்பல் நிறப் பட்டை ஒன்று சுவரில் தெரியும். பயன்படாமல் போன பகுதியிலிருந்து கசியும் வெளிச்சம் அது. அந்தப் பட்டை தெரிந்தால் ப்ரொஜெக்டர் தப்பான உயரத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். உங்கள் விஷயத்தில் சோபாவுக்கு மேலே பின்சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்து அதன் அடியில் மாட்டுவது, கூரையிலிருந்து நீளக் கம்பி விடுவதைவிட உறுதியாக நிற்கும். வெளிச்சம் போகும் வழியில் மின்விசிறியோ தொங்கு விளக்கோ குறுக்கிடவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

100 இன்ச்சுக்குக் குறைய மனமில்லை என்றால் திரையோடு மல்லுக்கட்டுவதைவிட ப்ரொஜெக்டரை மாற்றுவதே சரி. 1.2இல் தொடங்கும் லென்ஸ் இருந்தால் 266 சென்டிமீட்டரே போதும், ஆனால் ப்ரொஜெக்டர் உங்கள் தலைக்கு முன்னால் தொங்கும். திரைக்கு அடியிலேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகையில் இந்தத் தூரப் பிரச்சினையே கிடையாது. அதில் வேறொரு கண்டிப்பு உண்டு: வெளிச்சம் அடியிலிருந்து மிகச் சரிவாக மேலே போவதால், சுருட்டுத் திரையில் கண்ணுக்கே தெரியாத சின்ன அலைகூட படத்தில் நெளிவாகத் தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரைதான் அதற்கு ஒத்துவரும்.

எதை எடுத்தாலும் ப்ரொஜெக்டர் முதலில், திரை கடைசியில். ப்ரொஜெக்டர் வந்ததும் துளை போடாமல், ஏணியின் மேலோ அலமாரியின் மேலோ மட்டமாக வைத்து, லென்ஸ் முன்சுவரிலிருந்து 321 சென்டிமீட்டரில் இருக்கும்படி நிறுத்துங்கள். திரை வந்தபின் 5 கழிந்து 316 ஆகும் என்பதால் இந்தக் கணக்கு. கீஸ்டோனை அணைத்துவிட்டு, வெற்றுச் சுவரில் படத்தை விழவைத்து, ஜூமை முழுதும் விரித்து நான்கு மூலையிலும் காகித டேப் ஒட்டுங்கள். அப்புறம் ஜூமைச் சுருக்கி இன்னொரு முறை ஒட்டுங்கள். வெளி டேப்புகளுக்கு இடையே சுமார் 214, உள் டேப்புகளுக்கு இடையே சுமார் 195 சென்டிமீட்டர் வர வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் திரையின் அகலம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் சரி. இரண்டு நாள் அந்தச் சுவரிலேயே படம் பாருங்கள், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

திரை வாங்கும்போது 16:9 என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 4:3 வடிவத்தில் 100 இன்ச் என்று விற்கும் திரையின் அகலம் 203 சென்டிமீட்டர்தான். உங்கள் படம் அதில் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும், ஆனால் மேலும் கீழும் சேர்த்து 38 சென்டிமீட்டர் வெள்ளைத் துணி காலியாக நிற்கும். பெட்டியின் மேல் உள்ள இன்ச்சைப் பார்க்காமல், கருப்பு ஓரத்தைத் தவிர்த்த வெள்ளைப் பகுதியின் அகலத்தை டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.