உடைந்து வந்த சரக்கு: சப்ளையருக்கு இன்னும் எவ்வளவு தரணும்?

பெங்களூரு கே.ஆர்.புரம் மிக்ஸி கடைக்காரர்: அக்கா, கோயம்புத்தூர்ல இருந்து 40 மிக்ஸி வந்தது. பில் வரியோட 94,400 ரூபாய், 50,000 கட்டிட்டேன். 5 மிக்ஸில பாடி விரிசல், திருப்பி அனுப்பிட்டேன். 10,000 கழிச்சா போதுமா?

போதாது தம்பி. ஒரு மிக்ஸி 2,000 வீதம் ஐந்துக்கு 10,000 சரிதான். ஆனால் அதற்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 1,800 சேர்த்துத்தானே பில் வந்தது? டெபிட் நோட்டை 11,800-க்குப் போடுங்கள். 44,400 பாக்கியில் அது கழிந்தால் தர வேண்டியது 32,600.

டேலி பிரைமில் `Alt+F5` அழுத்திப் போடும்போது `Agst Ref` தேர்ந்து அந்தப் பழைய பில் நம்பரையே காட்டுங்கள். `New Ref` கொடுத்தால் பில்லில் 44,400 அப்படியே நிற்கும், 11,800 தனியாகத் தொங்கும். பாக்கி லிஸ்ட்டைப் பார்த்து பணம் அனுப்புகிறவர் முழுசாக அனுப்பிவிடுவார். நான் பார்க்கிற கடைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

சிக்பேட்டையிலிருந்து ஒருவர்: டெபிட் நோட் போட்டாலே கணக்கு முடிஞ்சதே மேடம், சப்ளையர் ஒத்துக்கறது எதுக்கு?

உங்கள் புத்தகத்தில் குறையும், அதுவரை சரி. ஆனால் அந்த மிக்ஸி கணக்கையே எடுத்தால், சப்ளையர் லெட்ஜரில் 44,400-தான் இருக்கும். அவர் கிரெடிட் நோட் போட்டு `GSTR-1`-இல் ஏற்றினால்தான் அவருடைய வரி குறையும். உங்கள் `GSTR-2B`-யிலும் அது தெரியும். நீங்கள் எடுத்த 1,800 ஜிஎஸ்டி கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். `2B`-யில் வரவில்லையென்றால் அவர் இன்னும் ஏற்றவில்லை என்று அர்த்தம், உடனே கேளுங்கள். பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குப் பிறகு அவரால் வரியைக் குறைக்க முடியாது. அவர் ஆண்டு ரிட்டர்னை முன்பே போட்டுவிட்டால் அந்த நாளோடு கெடு முடிந்தது.

அல்சூர் பாத்திரக்கடை அம்மா: எங்க கடைப் பையன் கை தவறி ஒரு பெட்டி கண்ணாடி டம்ளர் உடைஞ்சுது. நானும் டெபிட் நோட் போடலாமா?

முடியாதும்மா. சரக்கு நல்லபடியாக உங்கள் கைக்கு வந்துவிட்டது, பிறகு உடைந்தது உங்கள் நஷ்டம். சப்ளையர் பாக்கியைக் குறைக்காதீர்கள். அந்த டம்ளர்களுக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும் திருப்ப வேண்டும்.

கே.ஆர்.புரம் மிக்ஸி கடைக்காரர்: அக்கா, சப்ளையர் இப்போ "லாரில உடைஞ்சதுக்கு நான் பொறுப்பில்லை"ன்றார்.

இறக்கும்போது லாரி ரசீதில் "5 பெட்டி டேமேஜ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டோ இருக்கிறதா? வெறும் கையெழுத்து மட்டும் என்றால், நல்ல நிலையில் வந்தது என்றே அவர் வாதாடுவார். லாரியை ஏற்பாடு செய்தது யார், கடை வந்து சேரும் வரை யார் பொறுப்பு என்று பர்சேஸ் ஆர்டரில் இருக்கும். அதைப் பார்க்காமல் யார் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. அதுவரை தகராறில்லாத 32,600-ஐ அனுப்பி வையுங்கள், 11,800-ஐ மட்டும் நிறுத்துங்கள்.