புரமோட்டர் பங்குகள் அடமானத்தில் இருந்தால் விலை ஏன் சரிகிறது?

கேள்வி: நான் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் புரமோட்டர் பங்குகளில் 57% அடமானம் என்று காட்டுகிறது. கம்பெனிக்குக் கடன் இல்லை, லாபமும் நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பங்கு திடீரென்று சரியும் என்கிறார்கள். தொழில் நன்றாக ஓடும்போது அது எப்படி? விற்றுவிடலாமா?

பதில்: இப்படி அடமானம் வைத்துக் கடனை வாங்கியது பெரும்பாலும் கம்பெனி இல்லை, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதலாளியான புரமோட்டர். அதனால் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. புரமோட்டர் வேறொரு தொழிலுக்காகவோ சொந்தத் தேவைக்காகவோ, தன் டீமேட் கணக்கில் உள்ள பங்குகளை ஈடாக வைத்துப் பணம் வாங்கியிருப்பார். அந்த வேறு தொழில் நொடித்தாலும் அடி விழுவது உங்கள் பங்கின் மேல்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு புரமோட்டரிடம் 3.5 கோடி பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 100 ரூபாய். அவர் 100 கோடி ரூபாய் கடன் வாங்குகிறார். கடனைப் போல இரண்டு மடங்கு மதிப்புள்ள பங்குகள் எப்போதும் ஈடாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். (பங்கை ஈடாக வைத்து நிதி நிறுவனங்கள் தரும் கடன், பங்கின் மதிப்பில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-ல் விதித்தது. ஈட்டில் பற்றாக்குறை வந்தால் 7 வேலை நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது.) ஆக, 200 கோடி மதிப்புக்கு 2 கோடி பங்குகள் அடமானம் போகின்றன. அது அவர் கைவசம் உள்ளதில் 57%.

சந்தை மொத்தமாக இறங்கி, விலை 75 ரூபாய்க்கு வருகிறது. ஈட்டின் மதிப்பு 150 கோடிதான் இப்போது. கடன் கொடுத்தவர் கூப்பிட்டு, பணத்தைக் கட்டுங்கள் அல்லது கூடுதல் பங்கு கொடுங்கள் என்கிறார். இதுதான் மார்ஜின் கால். கையில் ரொக்கம் இருந்தால் அவர் முதலில் பங்கையே அடமானம் வைத்திருக்க மாட்டார் அல்லவா? அதனால் இன்னொரு 67 லட்சம் பங்குகளைக் கொடுக்கிறார். விலை 60-க்கு இறங்கினால் மேலும் 67 லட்சம். இப்போது அடமானத்தில் 3.33 கோடி, மிச்சம் 17 லட்சம் மட்டுமே. விலை 57 ரூபாய்க்கு வரும்போது கொடுப்பதற்கு ஒரு பங்குகூட மிஞ்சாது.

கவனித்தீர்களா, ஆரம்பத்தில் அடமான விகிதம் 57%, பங்கு தீர்ந்துபோன விலையும் ஆரம்ப விலையில் 57%. இது தற்செயல் அல்ல. ஒப்பந்தம் கேட்கும் அளவுக்குச் சரியாக ஈடு வைத்திருந்தால், இன்றைய விலையை அடமான விகிதத்தால் பெருக்கினால் வருவதுதான் புரமோட்டரின் கை காலியாகும் விலை. 90% அடமானம் வைத்திருப்பவருக்கு 10% சரிவே போதும். 20% வைத்திருப்பவருக்கு 80% சரிய வேண்டும். கடன் கொடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகவே ஈடு வாங்கியிருந்தாலோ, புரமோட்டர் பணத்தைப் புரட்டிக் கட்டினாலோ இந்த எல்லை தள்ளிப்போகும். இருந்தாலும் ஆபத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

கை காலியான பிறகு கடன் கொடுத்தவர் அடமானத்தை அமலாக்கி, பங்குகளைத் தன் டீமேட் கணக்குக்கு மாற்றிச் சந்தையில் விற்கத் தொடங்குவார். நகைக்கடனில் உங்கள் சங்கிலியை ஏலம் விட்டால் ஊரில் தங்கம் விலை குறையாது. இங்கே ஈட்டை விற்பதே ஈட்டின் விலையை இறக்குகிறது. தினமும் 10 லட்சம் பங்குகள் கைமாறும் சந்தையில் 3.5 கோடி பங்குகளைக் கொட்டினால் யார் வாங்குவது? கடன் கொடுத்தவருக்கு நல்ல விலை வேண்டும் என்ற கவலையும் கிடையாது. நம் உதாரணத்தில் சராசரியாக 30 ரூபாய்க்கு விற்றாலும் அவருடைய 100 கோடி வந்துவிடும். கடன் கொடுத்தவர்கள் பலர் என்றால் இன்னும் மோசம், அடுத்தவர் விற்பதற்கு முன்னால் நாம் விற்றுவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஓடுவார்கள். இதை மோப்பம் பிடித்தவர்கள் முன்கூட்டியே ஷார்ட் அடிப்பார்கள், அதாவது விலை விழும் என்று கையில் இல்லாத பங்கையே விற்பார்கள்.

2019 ஜனவரி 25 அன்று ஜீ என்டர்டெயின்மென்ட் பங்கு ஒரே நாளில் சுமார் 26% விழுந்தது. அதே குழுமத்தின் டிஷ் டிவி அதைவிட அதிகம் விழுந்தது. ஜீயின் டிவி தொழில் லாபத்தில்தான் இருந்தது. குழுமத்தின் தலைவர் சுபாஷ் சந்திரா அன்று வெளியிட்ட கடிதத்தில், உள்கட்டமைப்புத் தொழிலில் எடுத்த தவறான முடிவுகளையும், வீடியோகான் டி2எச்-ஐ வாங்கியதையும் காரணமாகச் சொல்லி, கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போது ஜீயில் புரமோட்டர்களின் பங்கு 41 சதவீதத்துக்கு மேல். அதில் ஏறத்தாழ 60% அடமானத்தில் இருந்தது, உங்கள் பங்கின் நிலையிலிருந்து வெகு தூரம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் கூடி, சில மாதங்களுக்கு விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டதால்தான் சரிவு நின்றது. கடனை அடைக்க அந்த ஆண்டு ஜூலையில் 11% பங்கை 4,224 கோடி ரூபாய்க்கு இன்வெஸ்கோ ஓப்பன்ஹைமருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். நவம்பரில் இன்னொரு விற்பனையும் நடந்த பிறகு புரமோட்டர்களிடம் மிஞ்சியது 5% அளவுதான்.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். 57% என்ற எண்ணை மட்டும் வைத்து விற்கச் சொல்ல மாட்டேன். கம்பெனியின் திட்டக் கடனுக்கு வங்கி கேட்டதால் கூடுதல் பாதுகாப்பாகப் பங்குகளைக் கொடுத்திருக்கலாம். அந்த மாதிரி ஏற்பாட்டில் பங்கு விலை இறங்கியது என்பதற்காக மட்டும் மார்ஜின் கால் வருவது அரிது. ஆனால் உங்கள் கம்பெனிக்குக் கடனே இல்லை என்கிறீர்கள், ஆகவே இந்த வாய்ப்பு குறைவு. 2019 அக்டோபர் முதல் செபி விதிப்படி, அடமானம் புரமோட்டர் பங்கில் 50 சதவீதத்தையோ மொத்தப் பங்கு மூலதனத்தில் 20 சதவீதத்தையோ தொட்டால், எதற்காக வாங்கிய கடன் என்று விவரமாக அறிவிக்க வேண்டும். உங்கள் பங்கு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனியின் அறிவிப்புகளில் "Regulation 31" என்ற தலைப்பில் தேடிப் பாருங்கள். ஈட்டின் மதிப்பு, கடன் தொகை, கடன் கொடுத்தவர் பெயர், காரணம் எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம், கடந்த ஆறு, எட்டு காலாண்டுகளின் பங்குதாரர் விவரப் பட்டியலில் அடமானப் பங்குகளின் எண்ணிக்கையை வரிசையாக எழுதுங்கள். விலை இறங்கிய காலாண்டுகளில் எல்லாம் அது ஏறியிருந்தால், கடன் கூடவில்லை, மார்ஜின் கால்கள் வந்திருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்வேன். கடன் புரமோட்டரின் வேறொரு நஷ்டத் தொழிலுக்குப் போயிருந்து, எண்ணிக்கையும் இப்படி ஏறிக்கொண்டிருந்தால், கம்பெனியின் லாபத்தைப் பார்க்காமல் வெளியேறிவிடுவேன். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பாதியை விற்று, மீதியை வைத்துக்கொண்டு அடுத்த காலாண்டுப் பட்டியலுக்குக் காத்திருப்பேன். காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் அது வந்துவிடும்.