பிராக்கெட் வெல்டிங்கில் நேர்ச் சுமையையும் முறுக்கலையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: திருகோணமலை கொட்பே பக்கம் ஒரு வேர்க்சொப்பில் பயிற்சிக்கு நிற்கிறேன். படகு எஞ்சின் தூக்க, எச் தூணின் முகத்தில் தட்டு பிராக்கெட் ஒன்றை ஒட்டி அதில் செயின் புளொக் போட்டிருக்கிறார்கள். தட்டு 200 மி.மீ. உயரம், தூணின் மேல் 100 மி.மீ. ஏறியிருக்கிறது. மேல், கீழ், உள்பக்கம் என மூன்று பக்கமும் 6 மி.மீ. பில்லெட். கொக்கி தூண் விளிம்பிலிருந்து 300 மி.மீ. வெளியே. சுமை 10 கிலோநியூற்றன். வெல்டிங் பரப்பால் பிரித்தால் 6 மெகாபஸ்கால்கூட வரவில்லை. எங்கள் சேர் 40 என்கிறார். எப்படி?

பதில்:

சேர் சொன்னதுதான் சரி, தம்பி. நீங்கள் எடுத்த 6-உம் பிழையில்லை, ஆனால் அது கணக்கின் சின்னப் பாதி. பெரிய பாதி முறுக்கலில் இருக்கிறது.

முதலில் உங்கள் பாதியை முடித்துவிடுவோம். பில்லெட் வெல்டிங் உடைவது அதன் மிக ஒடுங்கிய இடத்தில், அதாவது மூலையிலிருந்து முகத்துக்குச் சாய்வாகப் போகும் தொண்டையில். பில்லெட்டின் பக்க நீளமான கால் 6 மி.மீ. என்றால் தொண்டை 0.707 × 6 = 4.24 மி.மீ. வெல்டிங்கின் மொத்த நீளம் 100 + 200 + 100 = 400 மி.மீ. ஆகவே பரப்பு சுமார் 1697 சதுர மி.மீ. சுமை 10 000 நியூற்றனை இதால் பிரித்தால் சதுர மி.மீ.க்கு 5.89 நியூற்றன், அதாவது 5.89 மெகாபஸ்கால் தகைப்பு. இது வெல்டிங்கின் எல்லா இடத்திலும் ஒரே அளவில், கீழ்நோக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது முறுக்கல். கொக்கி வெல்டிங்குக்கு நேர்மேலே இல்லை, பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. எவ்வளவு தள்ளி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 300 மி.மீ. என்பது தூண் விளிம்பிலிருந்து அளந்த தூரம். நமக்கு வேண்டியது வெல்டிங் கோடுகளின் மையப்போலியிலிருந்து, அதாவது அவற்றின் சராசரி மையத்திலிருந்து உள்ள தூரம். அந்த 'சி' வடிவத்தில் 200 மி.மீ. நிமிர் கோடு உள்பக்கம் இருப்பதால் மையப்போலியும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். இரண்டு கிடைக் கோடுகளும் 100 மி.மீ. வீதம், அவற்றின் நடுப்புள்ளி நிமிர் கோட்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி. ஆகவே மையப்போலி, நிமிர் கோட்டிலிருந்து (2 × 100 × 50) / 400 = 25 மி.மீ. தூரத்தில். தூண் விளிம்பு அங்கிருந்து 75 மி.மீ., கொக்கி இன்னும் 300. மொத்தம் 375 மி.மீ. முறுக்கம் 10 000 × 375 = 37.5 இலட்சம் நியூற்றன் மி.மீ. விளிம்பிலிருந்து 300 என்று போட்டிருந்தால் முறுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, இந்த முறுக்கத்தை வெல்டிங் எப்படித் தாங்குகிறது என்பது. அதற்கு, கோடுகள் முறுக்கலை எவ்வளவு எதிர்க்கின்றன என்பதைக் காட்டும் முனைவுச் சடத்துவத் திருப்பத்தை மையப்போலியைச் சுற்றி எடுக்க வேண்டும். தொண்டைத் தடிப்பை முதலில் விட்டுவிட்டு, 1 மி.மீ. தடிப்புள்ள கோடுகள் என்று வைத்துக் கணித்து, கடைசியில் 4.24 ஆல் பெருக்குவது வசதி. நிமிர் கோடு 7.92 இலட்சம் தருகிறது, இரண்டு கிடைக் கோடுகளும் சேர்ந்து 22.92 இலட்சம். கூட்டினால் 30.83 இலட்சம் கன மி.மீ. கிடைக் கோடுகள் நிமிர் கோட்டைவிட இவ்வளவு அதிகம் தருவது ஏன்? அவை மையப்போலியிலிருந்து 100 மி.மீ. தள்ளி நிற்கின்றன, அந்தத் தூரம் வர்க்கமாகி வருகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும். இனி வரும் கணக்கில் J அந்தச் சடத்துவத் திருப்பம், T முறுக்கம், P சுமை, A பரப்பு, τ விளைவுத் தகைப்பு. dx, dy, r என்பவை மையப்போலியிலிருந்து மூலைக்கு உள்ள கிடை, நிமிர், நேர்த் தூரங்கள்.

```
J   = 4.243 × 3.0833e6 = 13.08e6 mm4
T   = 3.75e6 N·mm
மூலை: dx = 75, dy = 100, r = 125 mm

கிடை  = T·dy/J = 28.67 N/mm2
நிமிர் = T·dx/J = 21.50 N/mm2
நேர்   = P/A    =  5.89 N/mm2

τ = √(28.67² + (21.50 + 5.89)²) = 39.65 N/mm2
```

சேர் சொன்ன 40 இதுதான்.

மூலையை ஏன் எடுத்தோம் என்றால், முறுக்கத் தகைப்பு மையப்போலியிலிருந்து தூரத்தோடு கூடும். மிகத் தூரமான புள்ளிகள் கிடைக் கோடுகளின் தூண் விளிம்புப் பக்க நுனிகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆனால் தூரம் மட்டும் போதாது, திசையும் பார்க்க வேண்டும். சுவரில் ஒற்றை ஆணியில் தொங்கும் படத்தை நினையுங்கள். வலது பக்கத்தைக் கீழே இழுத்தால் வலது ஓரம் இறங்கும், இடது ஓரம் ஏறும், மேல் ஓரம் வலப்பக்கம் போகும், கீழ் ஓரம் இடப்பக்கம் போகும். கொக்கி வலது பக்கம் என்று வைத்தால், வலது நுனியில் முறுக்கல் தரும் நிமிர்ப்பகுதி கீழ்நோக்கி. நேர்ச் சுமையும் கீழ்நோக்கி. ஆகவே இரண்டும் கூடும். இடது மூலையில் முறுக்கல் மேல்நோக்கி 7.17, நேர்ச் சுமை கீழ்நோக்கி 5.89, அங்கே இரண்டும் கிட்டத்தட்ட வெட்டிக்கொள்கின்றன. அங்கே விளைவு 28.7தான்.

பரீட்சைத் தாள்களில் இரண்டு குறுக்குவழிகளைக் காணலாம். ஒன்று, முறுக்கத் தகைப்பு முழுவதையும் (35.83) நேர்த் தகைப்போடு அப்படியே கூட்டி 41.7 என்று எழுதுவது. இது பாதுகாப்பான பக்கம் நிற்பதால் ஆபத்தில்லை, மதிப்பெண்தான் போகும். மற்றது, இரண்டும் செங்குத்து என்று நினைத்து வர்க்கமாக்கிக் கூட்டி 36.3 என்று எழுதுவது. இது உண்மையைவிடக் குறைவு, ஆகவே ஆபத்தான பக்கம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முறுக்கத் தகைப்பை கிடை, நிமிர் என்று பிரித்துவிட்டு, ஒரே திசையில் உள்ளதை முதலில் கூட்டுவது.

சரி, 40 என்றால் பயப்பட வேண்டுமா? E6013 குச்சியால் ஒட்டியிருந்தால், தொண்டையில் அனுமதிக்கும் வெட்டுத் தகைப்பாக குச்சி உலோகத்தின் இழுவை வலிமையில் 0.3 பங்கு எடுக்கும் அமெரிக்க வழக்கப்படி சுமார் 124 மெகாபஸ்கால் வரும். செயின் புளொக்கில் எஞ்சின் திடீரென்று சறுக்கி நின்றால் சுமை இரட்டிக்கலாம். அப்படி வைத்தாலும் 80. காகிதத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் வேர்க்சொப்பில் அந்த இடத்தை மூன்று விஷயம் தின்னும். முதலாவது, தட்டு தூணோடு ஒட்டாமல் 2 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால், வெளியே அளவுகோலில் 6 காட்டும் கால் உண்மையில் 4தான் வேலை செய்யும். தகைப்பு ஒன்றரை மடங்காகிவிடும். இரண்டாவது, கணக்கில் மிக மோசமாக வந்த புள்ளி வெல்டிங்கின் நுனி. குச்சியை எடுக்கும்போது குழி விழுவதும், தூண் விளிம்பு உருகி வெட்டுப்படுவதும் அதே நுனியில்தான். அந்தக் குழியை நிரப்பச் சொல்லுங்கள், விளிம்புக்கு ஒரு கால் நீளம், அதாவது 6 மி.மீ., முன்னரே நிறுத்தி அந்த நீளத்தைக் கணக்கிலும் கழித்துவிடுங்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரிய உப்புக் காற்று. தூண் விளிம்புப் பக்கம் வெல்டிங் இல்லாததால் தட்டுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு வாய் திறந்தே இருக்கும். அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் ஏறினால் வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே அரிக்கும். தொண்டையில் 1 மி.மீ. போனாலே 40 என்பது 52 ஆகும். மேல் கிடைக் கோட்டின் நுனிக்குக் கீழே பெயின்டில் பழுப்பு நிறத்தில் ஒழுகிய கோடு தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். துருவுக்குள் மயிரளவு வெடிப்பு இருக்கிறதா என்பதை ஊடுருவும் சாயம் அடித்துப் பார்த்தால் தெரியும். நான் என்றால் தூண் விளிம்போடு பின்பக்கமாக நாலாவது கோட்டையும் ஒட்டி அந்த வாயை மூடிவிடுவேன். வலிமைக்கு அதை எண்ணத் தேவையில்லை.

பலப்படுத்த வேண்டி வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது, "இன்னொரு ரன் போடு." 6-ஐ 8 ஆக்கினால் தகைப்பு 29.7க்கு இறங்கும், நல்லதுதான். ஆனால் வெல்டிங்கின் குறுக்குவெட்டு கால் நீளத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் குச்சிச் செலவு 78 சதவீதம் கூடும், சூடும் கூடும், தட்டு வளையும். அதற்குப் பதிலாக 6 மி.மீ. காலையே வைத்துக்கொண்டு தட்டின் உயரத்தை 200லிருந்து 250 ஆக்குங்கள். வெல்டிங் நீளம் 400லிருந்து 450, எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். மையப்போலி நிமிர் கோட்டிலிருந்து 22.2 மி.மீ. ஆகும், முறுக்கம் சொற்பமாகக் கூடும், ஆனால் கிடைக் கோடுகள் 125 மி.மீ. தூரத்துக்குப் போய்விடுவதால் சடத்துவத் திருப்பம் 58 சதவீதம் ஏறும். மீண்டும் அதே கணக்கைப் போட்டால் விளைவு 30.0. கிட்டத்தட்ட அதே பலன். மேலே சொன்ன அந்த வர்க்கம் இங்கேதான் வேலை செய்கிறது.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள முழுக் கணக்கும் சுமை தட்டின் தளத்திலேயே இருக்கும்போதுதான். படகு சரியாகக் கொக்கிக்குக் கீழே வராமல், செயினைச் சரித்து உங்களை நோக்கி இழுத்தால், தட்டு தூணின் முகத்திலிருந்து பிரிந்து வரப் பார்க்கும். அது வளைவு, முறுக்கல் இல்லை. தொண்டையில் மூன்றாவது திசையில் ஒரு தகைப்பு வரும், அதையும் தனியாகக் கண்டு வர்க்கத்துக்குள் சேர்க்க வேண்டும். 10 மி.மீ. போன்ற தட்டு அந்தத் திசையில் மிகவும் மெலிசு, வெல்டிங்குக்கு முன்னரே தட்டு வளைந்துவிடும். சேரிடம் அந்தக் கணக்கையும் கேளுங்கள். அவர் இன்னும் தரவில்லை என்றால் அடுத்த கிழமை தருவார் என்று நினைக்கிறேன்.