எடை குறைக்கும்போது பழத்தை நிறுத்த வேண்டுமா?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எடை குறைக்கப் பழத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள், சீனியாம். உண்மையா?"

நிறுத்த வேண்டாம். கொழுப்பு ஏறுவது மொத்தக் கலோரி மிஞ்சும்போதுதான். பழத்தின் சீனி நாரோடும் தண்ணீரோடும் வருவதால், அளவு மீறுமுன் வயிறு நிறைந்துவிடும். ஜூஸாக்கி வடிகட்டினால் அந்த நார் போய்விடும். மூன்று ஆரஞ்சை உரித்துத் தின்ன நேரமாகும், குடிக்க ஒரு நிமிடம் போதும்.

நாளுக்கு இரண்டு, மூன்று கை அளவு போதும். என் முதல் தேர்வு கொய்யாதான்: 100 கிராமில் சுமார் 70 கலோரி, 5 கிராம் நார். பப்பாளி இன்னும் லேசு, 45 கலோரிக்குள். டுரியான் அப்படியில்லை. 200 கிராம் சுளையே 300 கலோரி, ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமம். சீசனில் ஆசையாக இருந்தால் சாப்பிடுங்கள், ஆனால் அன்றிரவு சோற்றை விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.