சாய்வுக்குத் தடித்த கம்பி போடும் முன்

"அண்ணே, சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து வளைவில் திரும்பினால் வண்டி ரொம்பச் சாய்கிறது. குழியில் டொக் டொக் சத்தமும் உண்டு. தடித்த ஆன்டி-ரோல் பார் போடலாமா?"

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சத்தத்தைப் பார்த்தால் இருக்கிற பாரே வேலை செய்யவில்லை போலிருக்கிறது.

அது 'ப' வடிவில் வளைந்த எஃகுக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் வண்டியின் அடியோடு பொருந்தியிருக்கும். இரு முனைகளும் சிறு லிங்க் வழியாக இரு சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேரும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் வெளிப்பக்கம் அமுங்கி உட்பக்கம் தொங்கும்போதுதான் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கின் எதிர்ப்பே சாய்வைக் குறைக்கிறது. லிங்க் தளர்ந்தால் முறுக்கு தாமதமாகத்தான் தொடங்கும். அறுந்தால் வெறும் இரும்பு.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, லிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் கம்பி முறுக்கில் இறுகி ஆட்டம் தெரியாது. நானும் அப்படிப் பார்த்து ஏமாந்தவன்தான். ஆட்டம் இருந்தால் இரு பக்க லிங்கையும் மாற்றுங்கள், புஷ்ஷையும் பாருங்கள்.

அதற்கப்புறமும் சாய்ந்தால் தடிமனை யோசிக்கலாம். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 18 மில்லிமீட்டரை 20 ஆக்கினாலே சுமார் 50 சதவீதம் கூடும். ஆனால் முன்னால் மட்டும் தடித்தால், மழையில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே ஓடப் பார்க்கும். ஒரு பக்கக் குழியின் குலுக்கலும் மறுபக்கத்துக்குத் தாவும், செம்மண் சாலையில் அது பெரும் தொல்லை.