நாலு பைனரி எண்களைக் கூட்டும்போது மீதி எங்கே போகிறது?

"1011, 111, 1101, 11 நான்கையும் கூட்டினால் எனக்கு 11100, அதாவது 28 வருகிறது. 34 வர வேண்டும். ஒரு நிரலில் நான்கு 1 வந்தால் 0 எழுதி 1 மீதி வைக்கிறேன். எங்கே தப்பு?"

அந்த மீதியில்தான். நான்கு என்பது இரண்டு ஜோடி, அதனால் மீதி 2. ஒரு ஜோடிக்கு ஒரு மீதி என்று வையுங்கள். ஜோடி சேராமல் நிற்பதைக் கீழே எழுதுங்கள்.

```
  1011
  0111
  1101
+ 0011
------
100010
```

வலது ஓரத்தில் 4: எழுதுவது 0, மீதி 2. அடுத்தது 3, மீதியோடு 5: எழுதுவது 1, மீதி 2. அதற்கடுத்த இரண்டு நிரல்களிலும் மீதியோடு 4 வரும்: 0, மீதி 2. கடைசியில் நிற்கும் 2-ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள், அது 10.

உங்கள் கணக்கில் முதல் நிரலில் ஒரு மீதி தொலைந்தது, அதன் மதிப்பு 2. இரண்டாவதில் இன்னொன்று, மதிப்பு 4. குறைந்த 6 அதுதான். மற்ற நிரல்களில் உங்களுக்கு 3 வந்ததால் 1 மீதி சரியாகவே அமைந்துவிட்டது.

மீதி 2 குழப்பினால் இரண்டிரண்டு எண்ணாகக் கூட்டுங்கள். அப்போது மீதி 1-ஐத் தாண்டவே தாண்டாது. என்ன, தாள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.