காட்ட ஒரே ஒரு மினி புராஜெக்ட்: இன்டர்ன்ஷிப் மெயிலில் என்ன எழுதுவது?

கேள்வி: கோவையில் இசிஇ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேல்தொட்டித் தண்ணீரைப் பார்த்து மோட்டாரை ஓடவைக்கும் ஒரு மினி புராஜெக்ட் தவிர கையில் ஒன்றும் இல்லை. பம்ப் கன்ட்ரோலர் கம்பெனிகளுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. என்னதான் எழுதுவது?

பதில்: அந்த மினி புராஜெக்ட்டைத்தான் எழுத வேண்டும். சிறு கம்பெனிகளில் உங்கள் மெயிலைத் திறப்பவர் பெரும்பாலும் முதலாளி, இல்லாவிட்டால் டிசைன் இன்ஜினியர். இந்தப் பையனுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்றுதான் பார்ப்பார். "கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவன்" என்ற வரியில் அவருக்கு எதுவும் கிடைக்காது.

ஆங்கிலத்தில் எழுதினாலும் மெயிலின் நடுப்பகுதி இந்த வரிசையில் இருக்கட்டும்:

"அல்ட்ராசோனிக் சென்சாரால் நீர்மட்டத்தை அளந்து, அர்டுயினோ மூலம் மோட்டார் ரிலேவை இயக்கினேன். தண்ணீர் விழும்போது அலையடித்து அளவு தாவியது. ரிலே விட்டுவிட்டு அடித்தது. ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு மதிப்பை எடுத்தேன். 30 சதவீதத்தில் ஆன், 80 சதவீதத்தில் ஆஃப் என இரண்டு வரம்பு வைத்ததும் சரியானது. தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் வசதி இன்னும் சேர்க்கவில்லை."

கோளாறு, காரணம், தீர்வு, மிச்சம் என நான்கும் இதில் வந்துவிட்டன. கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடும் இந்த டிரை ரன் அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை. பேச்சு அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் உங்களுக்கு உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "சராசரி எடுக்காமல் நடு மதிப்பு ஏன்?" என்று போனில் கேட்பார்கள். ஒரே ஒரு தவறான அளவுகூட சராசரியை இழுத்துவிடும், நடு மதிப்பைப் பெரிதாக அசைக்காது என்று செய்தவருக்குத்தான் உடனே சொல்ல வரும். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி வேண்டும்.

அடுத்து, கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள்: "ஜூன் முதல் வாரத்திலிருந்து நான்கு வாரம் வர முடியும். போர்டு டெஸ்டிங், சால்டரிங், ரீடிங் குறித்துவைப்பது போன்ற வேலை கொடுத்தாலும் போதும். கல்லூரிக் கடிதம் கொண்டுவருகிறேன்." தேதி இல்லாத மெயிலுக்கு "பார்க்கலாம்" என்றுகூட பதில் போடத் தோன்றாது. சப்ஜெக்ட் வரியிலும் இதையே சுருக்குங்கள்: இன்டர்ன்ஷிப், இசிஇ 2ஆம் ஆண்டு, ஜூனில் 4 வாரம், கன்ட்ரோலர் டெஸ்டிங்.

ஒரு பக்க ரெஸ்யூமே, தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும் அரை நிமிட வீடியோவுக்கு ஒரு லிங்க், இரண்டும் போதும். மதிப்பெண் ரெஸ்யூமேயில் இருக்கட்டும். பத்து கம்பெனிகளை ஒரே மெயிலில் சேர்க்காமல், அந்தந்த கம்பெனியின் எந்தக் கன்ட்ரோலரைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று முதல் வரியில் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரு வாரம் பொறுத்து, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், ரெஸ்யூமேயை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.